வெத்தலை மட்டும்தான் டாக்டர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமான விஷயம், நிதானமாகவே பேசுவோம்.

வாய்ப்புண் என்று ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணிடம் வழக்கமாகக் கேட்பது, "பீடி, சிகரெட், குடி ஏதாவது உண்டா?" என்பதுதான். ஆண்களுக்காக உருவான கேள்வி இது. "அய்யய்யோ, அதெல்லாம் இல்லைங்க" என்று அவர் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. அடுத்த கேள்வி வந்தால்தான் சிக்கல். "வெத்தலை போடுவீங்களா?" என்று கேட்டால் ஒரு நொடி தயங்கிவிட்டு, "சும்மா வெத்தலை மட்டும்தான் டாக்டர்" என்பார். பக்கத்தில் கணவரோ மகனோ மருமகளோ நிற்கிறார். வெளியே வரிசையில் இன்னும் 40 பேர் காத்திருக்கிறார்கள். சீட்டில் 'பழக்கங்கள்: இல்லை' என்று எழுதியாகிவிடும். அந்த ஒரு வரியிலிருந்தே பல மாதத் தாமதம் தொடங்கிவிடுகிறது.

இந்தியா முழுக்க 2016-17இல் நடந்த பெரியவர்களுக்கான புகையிலைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 15 வயதைத் தாண்டிய பெண்களில் புகைப்பவர்கள் நூற்றுக்கு 2 பேர். மெல்லுகிற, அதக்குகிற, ஈறில் தேய்க்கிற, மூக்கில் போடுகிற புகையிலைகளில் ஏதோ ஒன்றைப் பயன்படுத்துபவர்கள் நூற்றுக்கு 12.8 பேர். அதாவது, 'பீடி, சிகரெட் உண்டா' என்று மட்டும் கேட்கிறவருக்கு இரண்டு பேர் அகப்படலாம். பன்னிரண்டு பேர் தப்பிவிடுவார்கள்.

அந்த 12.8கூடப் பெண்கள் வாயால் ஒப்புக்கொண்ட கணக்குதான். ஒளித்தவர்கள் அதில் இல்லை. எவ்வளவு பேர் ஒளிக்கக்கூடும் என்பதற்குத் தென் கொரியாவிலிருந்து ஒரு சான்று உண்டு. அங்கே நாடு தழுவிய ஆய்வில் மக்களிடம் புகைப்பழக்கத்தைப் பற்றிக் கேட்டதோடு, சிறுநீரில் கோட்டினின் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். நிகோடின் உடம்பில் மாறி உண்டாவது கோட்டினின்; கடைசியாகப் புகைத்துச் சில நாள் ஆனாலும் சோதனையில் தெரியும். ஆண்கள் சொன்னதற்கும் சோதனை காட்டியதற்கும் பெரிய வேறுபாடில்லை. பெண்களில் சோதனை காட்டிய எண்ணிக்கை, அவர்களே சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. மருத்துவரிடம் ஒளிப்பது நம்மூர்ப் பெண்களுக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. ஒரு பழக்கத்தை ஆணுக்கு அனுமதித்துவிட்டுப் பெண்ணுக்கு மட்டும் இழுக்கு என்று வைத்திருக்கும் எந்த ஊரிலும் இதைக் காணலாம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த வெட்கம் பழசும் இல்லை. திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, கொட்டைப்பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலையையும் வைத்து மடித்துப் போட்ட பாட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் யாரிடமும் ஒளிக்கவில்லை. அவர்களுடைய மகள்களும் மருமகள்களும்தான் ஒளிக்கிறார்கள். பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனபின், "வாயெல்லாம் சிவப்பா, அசிங்கமா இருக்கும்மா" என்று வீட்டுக்குள்ளேயே பேச்சு வந்துவிட்டது. பேரனைத் தூக்க வந்தால் "நாத்தமடிக்குது, குடுக்காதீங்க" என்கிறார் மருமகள். வீட்டில் ஒருவரும் "விடுவதற்கு என்ன செய்யலாம்" என்று உட்கார்ந்து பேசுவதில்லை. ஆகவே பழக்கம் போகவில்லை, திண்ணையிலிருந்து கொல்லைப்புறத்துக்கு இடம்பெயர்ந்தது.

ஒளித்துப் போடுவது பழக்கத்தையே இன்னும் கெடுதலானதாக மாற்றிவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிப்படையாகப் போடுகிறவர் சாறு ஊறினால் எழுந்து போய்த் துப்புவார். ஒளித்துப் போடுகிறவர் துப்பினால் அகப்பட்டுவிடுவார், அதனால் விழுங்குகிறார். புகையிலையால் வரும் புற்று வாயோடு நிற்பதில்லை. உணவுக்குழாயிலும் கணையத்திலும் வரும் என்பது உறுதியான செய்தி. மென்றால் தாடை அசைவது தெரியும் என்பதால், கடைவாயில் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அப்படியே அதக்கி வைக்கிறார். வீட்டில் எல்லோரும் தூங்கியபின் போட்டுக்கொண்டு, அதோடு தானும் தூங்கிப்போகிறவர்கள் உண்டு. இரவு முழுக்க ஒரே இடத்துச் சதையில் புகையிலை ஊறிக்கொண்டிருக்கும். மேலைநாடுகளில் வாய்ப்புற்று பெரும்பாலும் நாக்கிலும் வாயின் அடித்தளத்திலும் வருகிறது. நம் நாட்டில் அதற்கு முக்கியமான இடம் இந்தக் கன்னப் பள்ளம்தான்.

சுண்ணாம்பு இதில் என்ன செய்கிறது என்று கேட்டால், அதுதான் கதவைத் திறந்துவிடுகிறது. காரத்தன்மை கூடும்போது புகையிலையிலுள்ள நிகோடின் வாயின் தோல் வழியாக எளிதில் உள்ளே போகும் வடிவத்துக்கு மாறுகிறது. சிகரெட்டில் நிகோடின் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். அதக்கிய புகையிலையில் மெதுவாக ஏறி நெடுநேரம் ரத்தத்தில் நிற்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் "போட்டா பசி தெரியாது" என்று சொல்வது இதனால்தான். பல்வலிக்கு யாரோ சொல்லி ஒரு துண்டு வைத்து, மரத்துப்போன சுகத்தில் தொடங்கியவர்கள் ஏராளம். இன்னொன்றையும் வெளியே சொல்ல மாட்டார்கள்: "காலையில போடலேன்னா வயிறு எறங்காது." இது சாக்கு அல்ல. நிகோடினை நிறுத்தினால் மலச்சிக்கல் வருவது தெரிந்த விளைவு. அதைக் கேலி செய்யாமல் கேட்டுக்கொள்கிற மருத்துவரிடம்தான் அந்தப் பெண் மீதியையும் சொல்வார்.

தாமதம் எப்படி மாதம் மாதமாகச் சேருகிறது என்று பார்ப்போம். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் 48 வயதுப் பெண் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இவர் கற்பனைதான்; ஆனால் இவர் கடக்கும் ஒவ்வொரு படியும் புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிற எவருக்கும் பழக்கமானது. முதல் பிரசவத்துக்குப் பின் பல்வலிக்காகத் தொடங்கி, இப்போது ஒரு நாளைக்கு ஆறேழு தடவை, எப்போதும் இடது கடைவாயில்.

தை மாதம். பொங்கல் முடிந்த கையோடு குழம்பின் காரம் இடது பக்கம் எரிகிறது. "உடம்பு சூடு" என்று மோரும் மணத்தக்காளிக் கீரையும் சாப்பிடுகிறார். சாதாரணச் சூட்டுப்புண்ணுக்கு இது தப்பில்லை. அது வலிக்கும், பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். மாசியில் நாக்கை விட்டுத் துழாவினால் அந்த இடம் சொரசொரவென்று இருக்கிறது. வெள்ளையாக ஒரு திட்டு, சுரண்டினாலும் வரவில்லை. ஆனால் வலி இல்லை. வலிக்காததால் பயமும் இல்லை. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

பங்குனியில் மருந்துக்கடையில் சொல்லி பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவுகிற ஜெல்லும் வாங்குகிறார். ஜெல் மரத்துப்போக வைக்கிறது. 'கேட்குது' என்று நினைத்து இன்னும் இரண்டு டியூப் ஓடுகிறது. சித்திரையில் புண்ணாகிவிட்டது. டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கணவரோடு போகிறார். அங்கேதான் மேலே சொன்ன கேள்வியும் பதிலும். மருத்துவர் டார்ச் அடித்து நாக்கையும் தொண்டையையும் பார்க்கிறார். கன்னத்தை இழுத்துக் கீழ்ப் பள்ளத்தைப் பார்க்கவில்லை. பழக்கம் இல்லை என்று அந்த அம்மா சொல்லிவிட்டாரே, பார்க்கத் தோன்றவில்லை. ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக்.

வைகாசியில் அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல் ஆடுகிறது. பிடுங்குகிறார்கள். பல் ஆடியதே கீழே வளர்ந்துகொண்டிருந்த கட்டியால்தான். பிடுங்கிய பள்ளம் மூடவில்லை, சதை வளர்ந்து வெளியே தள்ளுகிறது. "பல்லைப் புடுங்குனாரு, அதுலேர்ந்துதான் வந்துச்சு" என்று ஊரில் பேச்சாகிறது. ஆனியில் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போ என்று யாரோ சொல்லியும் போகவில்லை. பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. "அம்மாவுக்கு வாயில புத்துன்னு தெரிஞ்சா சம்பந்தி என்ன சொல்வாங்க?" ஆடி போகட்டும், கல்யாணம் முடியட்டும். இதற்குள் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு நெரிகட்டி தட்டுப்படுகிறது. வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது.

புரட்டாசியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. சதையில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதும், "கத்தி பட்டா பரவிடும்" என்று சொந்தக்காரர் ஒருவர் தடுக்க, நாட்டு வைத்தியத்தில் இன்னும் ஐந்து வாரம் கழிகிறது. துண்டு எடுப்பதால் புற்று பரவுவதில்லை. அந்த ஐந்து வாரத்தில் தானாக வளர்ந்ததைத்தான் மக்கள் கத்தியின் மேல் பழியாகப் போடுகிறார்கள்.

மாசியிலோ பங்குனியிலோ வந்திருந்தால், அந்தத் திட்டு இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்திருக்கும். ஒருவேளை புற்றாகவே மாறியிராது. வெள்ளைத் திட்டுகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. சிவப்புத் திட்டாகவோ, சிவப்பும் வெள்ளையும் கலந்தோ இருந்தால்தான் ஆபத்து பல மடங்கு. புற்றாகவே இருந்தாலும், அந்த அளவில் ஆபரேஷன் ஒன்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். சில வாரங்களில் சோறு சாப்பிடலாம். ஐப்பசியில் தொடங்கும் சிகிச்சை வேறு மாதிரி. எலும்பு அரித்திருப்பதால் தாடையின் ஒரு பகுதியை எடுக்க வேண்டும். கழுத்திலுள்ள நெரிகட்டிகளையும் எடுக்க வேண்டும். இழந்த இடத்தை மூட மார்பிலிருந்து சதையோ காலிலிருந்து எலும்போ கொண்டுவர வேண்டும். பிறகு ஆறு வாரம், 30 தடவைபோலக் கதிர்வீச்சு. இவ்வளவுக்குப் பின்னும் திரும்பி வரும் வாய்ப்பு கூடுதல்.

இந்தப் பத்து மாதத்தில் எங்கே எது தடுத்தது என்று பிரித்துப் பார்த்தால், அறியாமை முதல் இரண்டு மாதத்துக்கும் கடைசி ஐந்து வாரத்துக்கும்தான் காரணம். மீதியில் பெரும்பகுதிக்கு ஒளிப்புதான் காரணம். ஜெல்லைக் கடையில் கேட்டு வாங்கியது, கடைக்காரர் வாயைத் திறக்கச் சொல்ல மாட்டார் என்பதால். கணவர் முன்னால் மறுத்தது, இருபது வருடமாக மறைத்தது ஒரு நிமிடத்தில் உடையக் கூடாது என்பதால். கல்யாணம் முடியட்டும் என்றது, நோயோடு பழக்கமும் சேர்ந்து ஊருக்குத் தெரியும் என்பதால். "நீ போட்டதாலதான் உனக்கு வந்துச்சு" என்ற சொல்லை எதிர்பார்த்தே ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் இருக்கிறார். குடித்துக் கல்லீரல் கெட்டு வரும் ஆணைக் குடும்பம் திட்டிக்கொண்டேயாவது ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருகிறது. பெண்ணுக்கு அந்த ஆட்டோகூட எளிதில் கிடைப்பதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, வர வேண்டியதுதான்.

புகைக்கும் பெண்களின் கதை கொஞ்சம் வேறு. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பெண் ஒருவர் நாளுக்கு சில சிகரெட் பிடிக்கிறார். ஹாஸ்டல் மொட்டைமாடி, ஆபீஸ் பின்பக்கத்து டீக்கடை, பிறகு மிட்டாய், சென்ட். இவருக்கு ஒளிப்பால் வரும் மிக அருகிலுள்ள ஆபத்து புற்றுநோய் அல்ல. மாதவிடாய்க் கோளாறுக்கோ கருத்தடைக்கோ மகப்பேறு மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த கலவை மாத்திரைக்கு ரத்தம் உறைவதைக் கூட்டும் குணம் உண்டு. சிகரெட்டும் ரத்தக்குழாயைக் கெடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால், அதுவும் 35 வயதைத் தாண்டிவிட்டால், மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு தெளிவாக ஏறுகிறது. 35 வயதுக்கு மேல் நாளுக்கு 15 சிகரெட்டோ அதற்கு அதிகமோ பிடிப்பவருக்கு அந்த மாத்திரை கூடவே கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்குக் குறைவாகப் பிடித்தாலும் பொதுவாகத் தவிர்க்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு வழிகள் இருக்கின்றன. மருத்துவருக்குத் தெரிந்தால் அவற்றைத் தருவார். ஆனால் அம்மாவோடு கன்சல்டிங் அறையில் உட்கார்ந்திருக்கும் பெண், "ஸ்மோக் பண்ணுவீங்களா?" என்ற கேள்விக்கு என்ன சொல்வார்? கல்யாணமாகாத பெண்ணிடம் பல மருத்துவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதும் இல்லை.

கர்ப்ப காலத்திலும் இதே கதைதான். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் மாதாமாதம் பார்க்கிறோம். மெல்லும் புகையிலையும் குழந்தையின் எடையைக் குறைக்கும், குறைப்பிரசவத்துக்கும் வயிற்றிலேயே குழந்தை இறப்பதற்கும் வழிவகுக்கும். வாந்தி வராமல் இருக்க ஒரு துண்டு போட்டுக்கொள்கிற பெண்ணிடம் அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது பல இடங்களில் யாருக்கும் தோன்றுவதில்லை.

சரி, எப்படிக் கேட்டால் சொல்வார்கள்? முதலில், தனியாகக் கேட்க வேண்டும். "அம்மாவோட எடை பாக்கணும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்று கூட வந்தவரை அனுப்பிவிட்டுக் கேட்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். இரண்டு நிமிடம் போதும். அடுத்து, உண்டா இல்லையா என்று கேட்காமல், உண்டு என்றே வைத்துக்கொண்டு கேட்பது. "ஏம்மா, வயல் வேலைக்குப் போற எல்லாருமே வெத்தலை போடுறாங்க. நீங்க எத்தனை வருசமா போடுறீங்க? பாக்கு கொட்டையா, சீவலா? சுண்ணாம்பு? பொகையில எவ்ளோ வெப்பீங்க? எந்தப் பக்கம் அதக்குவீங்க?" கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் கிடைத்தாலே போதும். இடது பக்கம் என்றால் இடது கன்னப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். பொட்டலம் இல்லாமல் உதிரியாக, காகிதத்தில் சுற்றித் தருகிற புகையிலைத் துண்டில் எச்சரிக்கைப் படம் எதுவும் இருக்காது என்பதால், தான் போடுவது 'அந்தப் புகையிலை' இல்லை என்று உண்மையிலேயே நினைக்கிற பெண்களும் இருக்கிறார்கள். அவர்களை இந்தக் கேள்வி வரிசை பிடித்துவிடும்.

இன்னும் ஒன்று. மருத்துவர் வாயைப் பார்க்கப் பெண் ஒப்புதல் வாக்குமூலம் தர வேண்டியதில்லை. கேரளத்தில் திருவனந்தபுரத்தைச் சுற்றியுள்ள 13 பஞ்சாயத்துகளில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், நல்ல வெளிச்சத்தில் வாயைக் கண்ணால் பார்த்தார்கள். சந்தேகமானவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவ்வளவுதான். 2005இல் வந்த முடிவுகளின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களில் வாய்ப்புற்றால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதில் இல்லை. இப்போது அரசுத் திட்டத்தில் 30 வயது தாண்டியவர்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கப் போகும்போது "என் வாயையும் பாருங்க" என்று சொன்னால் போதும். பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை.

வீட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். மாதம் ஒரு தடவை, வாயைக் கொப்பளித்துவிட்டு, பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு, கண்ணாடி முன்னால் டார்ச்சோடு நில்லுங்கள். கன்னத்தை விரலால் வெளியே இழுத்து, ஈறோடு சேரும் அடிப்பள்ளம்வரை பாருங்கள், இரண்டு பக்கமும். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து அதன் ஓரங்களையும், மேலே தூக்கி அடியையும் பாருங்கள். கழுத்தைத் தடவுங்கள். பிறகு மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே விட்டுப்பாருங்கள். போகவில்லை என்றால், பாக்கினால் வாயின் உட்தோல் நார்போல இறுகிவருகிறது என்று பொருள் இருக்கலாம். பழக்கத்தை விட்டாலும் அந்த இறுக்கம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆனால் விட்டவருக்கு மேலும் மோசமாவது குறைகிறது. மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், சுரண்டினால் வராத வெள்ளை, எந்தச் சிவப்புத் திட்டும், காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஜெல் வாங்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"புகையிலையை விட்டுட்டேன், வெறும் பாக்குதான்" என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது. புகையிலையை விட்டது நல்லதுதான். அடுத்து பாக்கும் போக வேண்டும்.

விடுவதற்கு மருந்து உண்டு. நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் அளவில் கிடைக்கிறது. நம்மவர்கள் அதை மிட்டாய்போல மென்று, குமட்டல் எடுத்து, "ஒத்துக்கல" என்று தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். நாக்கில் சுருக்கென்று வந்ததும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். சுருக்கு போனதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரைமணி நேரம். காபி குடித்த உடனே போட்டால் நிகோடின் சரியாக ஏறாது. அதக்கிப் பழகிய பெண்ணுக்கு இந்த முறை உண்மையில் எளிது. வாய் இறுகியவர்களுக்கும் புண் உள்ளவர்களுக்கும் சூயிங்கம் சரிவராது. மருத்துவர் வேறு வழி சொல்வார். முதல் மூன்று நாள்தான் கடினம். எரிச்சலும் தலைவலியும் தூக்கமின்மையும் வரும், மூன்று நான்கு வாரத்தில் தணியும். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும், தேவைப்பட்டால் மாத்திரையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டால், பலர் பழக்கத்துக்குத் திரும்பிப் போகிற அந்த வாசல் அடைபடும்.

முகம் காட்ட விரும்பாதவர்களுக்குப் புகையிலையை விடுவதற்கான தேசிய உதவி எண் இருக்கிறது: 1800-11-2356. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பேசுகிறவர் எதிரில் இல்லாததால், பெண்கள் கணவரிடம் சொல்லாததை அங்கே சொல்லலாம். ஆனால் நம் வீடுகளில் ஒரே செல்போனைப் பலர் பயன்படுத்துகிறார்கள், பேசியது பட்டியலில் நிற்கும். கிராமத்து அக்காவுக்கு நம்பரைச் சொல்லும்போது, பேசியபின் அதை அழிக்கவும் சொல்லிக்கொடுங்கள்.

அம்மாவையோ மாமியாரையோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர் நீங்கள் என்றால், மருத்துவர் பழக்கத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கும்போது, "நான் வெளிய ஃபார்மசி வரிசையில நிக்கறேம்மா" என்று எழுந்து போய்விடுங்கள். திரும்பி வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். வீட்டில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், புற்றுநோய் சிகிச்சைக்கு அது உதவும். சதை எடுத்துப் பார்க்கச் சொன்னால் அன்றைக்கே சம்மதியுங்கள். முடிவு வரும் தேதியையும், வாங்கப் போக வேண்டிய அறை எண்ணையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.